பெரியப்பாவுக்கு வெள்ளிக்கிழமை ஒரு மெயில்

"திருச்சியில் பெரியப்பா 22 வருஷமாக அசைவ ஹோட்டல் நடத்துகிறார். பதினான்கு டேபிள். நான் பி.காம். முடித்துவிட்டு அவருக்கு பில்லிங்கும் கணக்கும் பார்க்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் பில்லிங் சாஃப்ட்வேரில் இருந்து வாராந்திர ரிப்போர்ட் எடுத்து, விளக்கமும் எழுதி அவருக்கு மெயில் அனுப்புகிறேன். 11 பக்கம். மொத்த விற்பனை, போன வாரத்தோடு ஒப்பிட்ட சதவீதம், சராசரி பில், டாப் டென் அயிட்டம், வரைபடம் எல்லாம் இருக்கும். அவர் திறப்பதே இல்லை. கேட்டால், 'எனக்கு நம்பரைப் பார்த்தாலே தலை சுத்துதும்மா. கடை ஓடுதா ஓடலையா, அதை மட்டும் சொல்லு' என்கிறார். அவர் படிக்கிற மாதிரி எப்படி எழுதுவது? ஐந்து வாரத்து ரிப்போர்ட்டையும் பில் விவரங்களையும் இணைத்திருக்கிறேன்."

— வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

ஐந்து ரிப்போர்ட்டையும் உட்கார்ந்து படித்தேன். நான்காவது ரிப்போர்ட்டின் ஏழாம் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை விற்பனையை அயிட்டம் வாரியாகப் பிரித்து ஒரு அட்டவணை போட்டிருக்கிறீர்கள். அதில் மட்டன் பிரியாணிக்கு நேரே பச்சை நிறத்தில் 'நிலையாக உள்ளது' என்று குறித்திருக்கிறீர்கள். அந்த மாதம் முழுவதிலும் பெரியப்பா அவசியம் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய விஷயம் அந்த ஒரு வரியில்தான் இருந்தது. அது நல்ல செய்தியும் இல்லை. அதற்கு வருகிறேன்.

முதலில் பெரியப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலையில் காந்தி மார்க்கெட்டில் நின்று வெங்காய மூட்டைக்கு விலை பேசுகிறவர் அவர். ஒரு கிலோ மைதாவுக்கு எத்தனை பரோட்டா, ஞாயிறுக்கு எத்தனை இலை, ஒரு சிலிண்டர் எத்தனை நாள் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். இவை எல்லாமே எண்கள்தான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கையால் தொடக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற 'சராசரி பில் 360 ரூபாய்' என்பதை அவரால் தொட முடியாது. அவர் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிறபோது, தனியாக வந்து சாப்பிட்டுவிட்டு 180 ரூபாய் கொடுப்பவர் வருகிறார், குடும்பத்தோடு வந்து 900 ரூபாய் கொடுப்பவர் வருகிறார். 360 ரூபாய்க்காரர் என்று ஒருவர் அநேகமாக வருவதே இல்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர் அடுப்படியில் போய் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது. சதவீதமும் அப்படித்தான். அதனால் மெயிலில் வருகிற எண்கள் கிலோ, பிளேட், மணி, டேபிள், ரூபாய் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். சதவீதமும் சராசரியும் உங்கள் ஷீட்டோடு நிற்கட்டும்.

சரி, பிரியாணிக்கு வருவோம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கடையில் மதியம் போன மட்டன் பிரியாணி 95, 96, 94, 96, 95 பிளேட். அதே ஐந்து வாரங்களின் சனிக்கிழமைகளில் 58, 71, 49, 66, 62. சனிக்கிழமை எண்களில் ஏற்ற இறக்கம் இருக்கிறது. ஒரு சாப்பாட்டுக் கடையின் விற்பனை என்றால் அப்படித்தான் இருக்கும். மழை வரும், கிரிக்கெட் வரும், பக்கத்துத் தெருவில் கல்யாணம் வரும். ஆனால் ஞாயிறு எண்கள் கோடு போட்ட மாதிரி நிற்கின்றன. பசித்து வருகிற கூட்டம் ஐந்து வாரமும் இவ்வளவு ஒழுங்காக வராது. அப்படி ஒரு எண் அசையாமல் நின்றால் அது எதிலோ முட்டி நிற்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். நீங்கள் அனுப்பிய சரக்குக் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஞாயிறு மதியத்துக்கு 12 கிலோ அரிசி போடுகிறார்கள், கிலோவுக்கு எட்டு பிளேட் என்பது மாஸ்டர் கணக்கு. பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு. நீங்கள் விற்பனை என்று நினைத்து எழுதியது அண்டாவின் அளவை.

இது சந்தேகம்தான். மெயிலில் எழுதுவதற்கு முன்பு உறுதி செய்துகொள்ள வேண்டும். மூன்று இடத்தில் தேடினேன்.

முதலாவது, கடைசியாகப் போன பிளேட்டின் நேரம். சனிக்கிழமைகளில் கடைசி மட்டன் பிரியாணி பில் மூன்று மணியைத் தாண்டிப் போகிறது. ஞாயிறுகளில் ஐந்து வாரமும் 1:50க்கும் 2:15க்கும் நடுவில் நின்றுவிடுகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் பில் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அடிக்கப்படுகிறது. ஆகவே பில் 2:10 என்றால் அந்தப் பிளேட் அண்டாவை விட்டுப் போனது அதற்கு அரை மணி நேரம் முன்பு. பார்சலுக்கு ஆர்டர் சொன்னதுமே பில் போட்டுவிடுவதால் அதன் நேரம் நம்பகமானது. உங்கள் ஞாயிறு பார்சல் பில்களில் 1:30க்கு மேல் மட்டன் பிரியாணி ஒன்றுகூட இல்லை. இனிமேல் பில் நேரத்துக்குப் பதிலாக, கிச்சனுக்குப் போகிற ஆர்டர் சீட்டின், அதாவது கே.ஓ.டி.யின் நேரத்தை எடுங்கள். பெரும்பாலான பில்லிங் சாஃப்ட்வேரில் அது தனி ரிப்போர்ட்டாகக் கிடைக்கும்.

ஒவ்வொரு வாரமும் கண்ணால் தேட வேண்டாம். கே.ஓ.டி. விவரங்களை ஷீட்டில் இறக்கி, B நெடுவரிசையில் தேதி, C-யில் அயிட்டம், D-யில் நேரம் என்று வைத்துக்கொண்டால், H2-ல் கொடுக்கிற தேதிக்கு மதியத்தின் கடைசி பிரியாணி நேரத்தை இது எடுத்துக் கொடுக்கும்:

```
=MAXIFS(D:D, B:B, H2, C:C, "*Mutton Biryani*", D:D, "<"&TIME(17,0,0))
```

அயிட்டம் பெயருக்கு இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டிருப்பதற்குக் காரணம், உங்கள் சாஃப்ட்வேரில் பார்சல் பிரியாணிக்குத் தனிப் பெயர் இருப்பதுதான். அதை விட்டுவிட்டால் பாதிக் கணக்கு காணாமல் போகும். கடைசியில் ஐந்து மணி என்று எல்லை வைத்தது ராத்திரி அண்டாவோடு குழம்பாமல் இருக்க. விடை 0 என்றோ 00:00 என்றோ வந்தால், பெரும்பாலும் நேரம் எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். D நெடுவரிசையை நேரமாக மாற்றிக்கொண்டு மறுபடி பாருங்கள்.

இரண்டாவது சோதனை, ஒன்றரை மணிக்கு மேல் கூட்டமே வராததால் பிரியாணி நின்றதா என்பது. இல்லை. ஞாயிறுகளில் 1:30 முதல் 3:00 வரை விழுகிற பில்களின் எண்ணிக்கை அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட சமமாகவே இருக்கிறது. மூன்றாவது, சிக்கன் பிரியாணி. அது ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு மேல் சட்டென்று ஏறுகிறது, ஐந்து வாரமும். மட்டன் கேட்டு, இல்லை என்று சொல்லக் கேட்டு, சிக்கனுக்கு மாறியவர்கள் அவர்கள். இந்த மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுவதால் மெயிலில் எழுதலாம் என்று நான் தைரியமாகச் சொல்வேன். ஒன்று மட்டும் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லியிருப்பேன்.

இதிலும் பில்லிங் மெஷினுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வாசலில் நின்று "மட்டன் பிரியாணி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள். அவர்களுக்கு பில் கிடையாது, கே.ஓ.டி. கிடையாது. விற்றதைத்தான் மெஷின் எழுதிவைக்கும். ஆகவே வருகிற ஞாயிறு மதியம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். 'தீர்ந்துபோச்சு' என்று சொல்ல நேர்கிற ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. வாசலிலும் டேபிளிலும் அப்படிச் சொன்ன சப்ளையர்கள் உங்களிடம் சொன்னால் போதும், நீங்களே கோடு போட்டுக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தவரை ஒரு ஹோட்டலின் கணக்கில் இதைவிட மலிவாகக் கிடைக்கிற நல்ல தகவல் கிடையாது.

இப்போது இதற்கு நேர் எதிரான விஷயம். அதே ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'மொத்த விற்பனை 4,12,350 ரூபாய், 3.2 சதவீதம் உயர்வு' என்று போட்டிருந்தீர்கள். அந்த வாரம் வியாழக்கிழமை ஓர் ஆபீசுக்கு 14,000 ரூபாய்க்கு மொத்த ஆர்டர் போயிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் விற்பனை முந்தைய வாரத்தைவிட ஆயிரம் ரூபாய்போலக் குறைவு. உயர்வும் இல்லை, சொல்லும்படியான குறைவும் இல்லை. பெரியப்பா கல்லாவில் உட்கார்ந்தே அதை உணர்ந்திருப்பார். 'உயர்வு' என்று மெயிலில் வந்ததைப் பார்த்தால், இந்தப் பெண்ணின் கணக்கு நமக்கு ஒத்துவரவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும். அவர் மெயிலைத் திறக்காமல் விட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அசைவ ஹோட்டலில் போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடுவதே ஆபத்து. இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் மனசை உறுத்துகிறது. இந்த வேலைக்கு வந்த புதிதில், வேறு ஊரில் ஒரு ஹோட்டல் உரிமையாளருக்கு 'செவ்வாய்க்கிழமை விற்பனை 38 சதவீதம் சரிவு' என்று சிவப்பு எழுத்தில் மெயில் அனுப்பினேன். அவர் நேரே அடுப்படிக்குப் போய், எல்லோர் முன்னாலும் மாஸ்டரைச் சத்தம் போட்டிருக்கிறார், கைப்பக்குவம் கெட்டுவிட்டது என்று. அடுத்த வாரம் அதே ஹோட்டலுக்குப் போனபோதுதான் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். அந்தச் செவ்வாய் அமாவாசை. ஊரில் பாதிப் பேர் அன்றைக்குக் கவுச்சி தொட்டிருக்க மாட்டார்கள். நான் உரிமையாளரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஆனால் மாஸ்டர் அந்த மாதமே வேலையை விட்டுப் போய்விட்டார்.

அதனால் உங்கள் ஷீட்டில் தேதிக்குப் பக்கத்தில் 'காலண்டர்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள். அமாவாசை, கிருத்திகை, முகூர்த்த நாள், பள்ளி விடுமுறை, பலத்த மழை, மொத்த ஆர்டர் எல்லாவற்றையும் அதில் ஒரு வார்த்தையில் குறியுங்கள். அமாவாசை மாதா மாதம் வேறு வேறு கிழமையில் விழும், அதனால் கிழமையை வைத்து ஒப்பிட்டாலும் அது காலை வாரிவிடும். புரட்டாசி இன்னும் பெரியது. செப்டம்பர் பாதியில் தொடங்கி அக்டோபர் பாதி வரை அசைவக் கடைகளுக்கு விற்பனை இறங்கும், சனிக்கிழமைகளில் இன்னும் அதிகம் இறங்கும். அந்த மாதத்தைப் போன வருஷத்துப் புரட்டாசியோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் அதிகமுள்ள தெருவென்றால் அப்போதும் இப்படித்தான்.

மற்ற மாதங்களில், ஒரு கிழமையை அதே கிழமையின் முந்தைய எட்டு வாரங்களோடு ஒப்பிடுங்கள். அந்த எட்டில் மிக அதிகமானது எது, மிகக் குறைவானது எது என்று பாருங்கள். இந்த வாரத்து எண் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் அது செய்தி அல்ல, மெயிலில் வேண்டாம். வெளியே போனாலும் அவசரப்படாதீர்கள். கடையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, ஒன்பதாவது வாரம் அந்த எல்லையைத் தாண்டுவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை தற்செயலாக நடக்கும். வாரத்துக்கு ஏழு நாள் என்பதால், ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு நாள் எல்லைக்கு வெளியேதான் நிற்கும். அதையெல்லாம் எழுதினால் வாராவாரம் பொய் எச்சரிக்கை கொடுத்தவராகிவிடுவீர்கள். அடுத்தடுத்து இரண்டு வாரம் ஒரே பக்கமாக வெளியே போனாலோ, வெளியே போனதற்குக் கடைக்குள்ளேயே ஒரு காரணம் கண்ணில் பட்டாலோ எழுதுங்கள்.

அடுத்து, எந்த நாளில் அனுப்புவது. திங்கட்கிழமை காலையில் பெரியப்பாவுக்கு ஞாயிறு பிரியாணியைப் பற்றிச் சொல்லி என்ன பயன்? அவர் செய்யக்கூடியது எதுவும் அப்போது கையில் இல்லை. ஆறு நாளில் மறந்துபோகும். ஞாயிறுக்கான கறியை அவர் சனிக்கிழமை காலையில் கறிக்கடையில் சொல்லிவைப்பதாக உங்கள் குறிப்பில் இருக்கிறது. அப்படியென்றால் மெயில் போக வேண்டியது வெள்ளிக்கிழமை, மதியக் கூட்டம் அடங்கி அவர் கல்லாவில் சாய்ந்து உட்காருகிற நாலு மணிக்கு. உங்கள் வாரக் கணக்கையும் வெள்ளி முதல் வியாழன் வரை என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. கணக்கு மாதம் மாதமாகப் போவதால் இதனால் எதுவும் பாதிக்காது.

அவர் மெயிலைப் பார்ப்பது போனில்தான். அட்டவணை வைத்தால் போன் திரையில் உடையும், இணைப்பு வைத்தால் திறக்க மாட்டார். வெறும் எழுத்தாக இருக்கட்டும். தலைப்பில் 'வாராந்திர அறிக்கை' என்று எழுதாமல், செய்தியையே எழுதுங்கள். திறக்காவிட்டாலும் போனின் மேலே ஓடுகிற அறிவிப்பிலேயே அவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். நான் எழுதினால் இந்த வாரத்து மெயில் இப்படி இருக்கும்:

பொருள்: ஞாயிறு மட்டன் பிரியாணி ஒன்றரை மணிக்கே தீர்ந்துவிடுகிறது

பெரியப்பா,

ஐந்து ஞாயிறாக மட்டன் பிரியாணி மதியம் ஒன்றரை மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. அதற்கு அப்புறமும் மூன்று மணி வரை டேபிள் நிறைந்துதான் இருக்கிறது. வருகிறவர்கள் சிக்கன் பிரியாணிக்கு மாறிக்கொள்கிறார்கள். திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று பில்லில் தெரியாது, இந்த ஞாயிறு நான் கல்லாவில் இருந்து எண்ணுகிறேன்.

12 கிலோவுக்குப் பதிலாக 14 கிலோ போடலாமா? 16 பிளேட் கூடும். அதில் 9 பிளேட் போனால் போட்ட பணம் வந்துவிடும்.

மற்றபடி கடை வழக்கம்போல ஓடுகிறது. ஆபீஸ் ஆர்டர் மாதிரி ஒன்றும் இந்த வாரம் இல்லை.

போடலாமா, வேண்டாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

அவ்வளவுதான். அவர் கேட்ட 'கடை ஓடுதா ஓடலையா' என்பதற்கு ஒரே வரியில் பதில் இருக்கிறது. அவர் முடிவெடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த 9 பிளேட் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டால் சொல்லத் தயாராக இருங்கள். உங்கள் சரக்குக் கணக்குப்படி கறி, அரிசி, எண்ணெய், மசாலா எல்லாம் சேர்த்து ஒரு கிலோ அரிசிப் பிரியாணிக்குச் சுமார் 1,200 ரூபாய் ஆகிறது. இரண்டு கிலோவுக்கு 2,400. ஒரு பிளேட் 280 ரூபாய் என்றால் ஒன்பதாவது பிளேட்டில் போட்டது திரும்பிவிடும். இதில் ஒரு நெளிவு இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிக்கன் பிரியாணி வாங்கியிருக்கக்கூடியவர் மட்டன் வாங்கினால் கடைக்குக் கூடுவது முழு 280 அல்ல, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். சிக்கனும் மீந்துபோகும். அதனால்தான் நான் 4 கிலோ என்று எழுதாமல் 2 கிலோவில் நிறுத்தினேன்.

பெரியப்பாவிடமிருந்து பதிலாக 'போடலாம்' என்பதற்குப் பதில் வேறு ஏதாவது வரலாம். அதற்கு இடம் கொடுங்கள். அதே அண்டாவில் 14 கிலோ போட்டால் தம் சரியாக ஏறாது, அடியில் குழையும் என்று மாஸ்டர் சொல்லக்கூடும். பன்னிரண்டரை மணிக்குக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, சின்ன அண்டாவில் 2 கிலோ தனியாக ஏற்றலாம் என்று பெரியப்பாவே சொல்லக்கூடும். அது உங்கள் யோசனையைவிட நல்ல யோசனை, ஏனென்றால் மழை நாளில் இரண்டாவது அண்டாவை ஏற்றாமலே விட்டுவிடலாம். எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்பதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும், எப்படிச் சமைப்பது என்பது அவர்கள் இருவர் வேலை. மாஸ்டரிடம் நீங்கள் நேராகப் போய் 14 கிலோ என்று சொல்லிவிட வேண்டாம். அந்த வார்த்தை பெரியப்பாவின் வாயிலிருந்து போகட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மெயில் முதல் வரியிலேயே, போன வாரம் செய்ததற்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். 'இரண்டாவது அண்டாவில் 13 பிளேட் போனது, 3 மிச்சம், 2:40க்கு நின்றது' என்கிற மாதிரி. மீந்துபோனாலும் அப்படியே எழுதுங்கள். இதற்கு மதியம் முடிந்ததும் மிச்சம் எத்தனை பிளேட் என்று மாஸ்டர் ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும், ஆட்கள் சாப்பாட்டுக்கு எடுப்பதற்கு முன்பாக. அந்த ஒரு பழக்கம் இல்லாவிட்டால் மிச்சம் எப்போதும் பூஜ்யமாகவே தெரியும். ஒரு ஞாயிறை வைத்து முடிவு கட்ட வேண்டாம், மூன்று ஞாயிறு ஓடட்டும். நடுவில் ஒரு ஞாயிறு அமாவாசையாக வந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அன்றைக்கு 12 கிலோவே அதிகமாக இருக்கலாம்.

சொல்ல எதுவும் இல்லாத வாரங்களும் வரும். அப்போது 'இந்த வாரம் வழக்கம்போல, நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை' என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். ஏதாவது எழுதியாக வேண்டுமே என்று டாப் டென் அயிட்டத்தை எடுத்து ஒட்ட வேண்டாம். பரோட்டாவும் பிரியாணியும்தான் மேலே இருக்கின்றன என்பது 22 வருஷமாக அவருக்குத் தெரியும்.

ஆன்லைன் ஆர்டர்களைப் பற்றி ஒரு குறிப்பு. உங்கள் மொத்த விற்பனையில் கவுன்டர் பில்களை வரியோடு சேர்த்தும், டெலிவரி ஆப் ஆர்டர்களை வரி இல்லாமலும் கூட்டியிருக்கிறீர்கள். 2022 ஜனவரி 1 முதல் ஆப் வழியாகப் போகிற சாப்பாட்டுக்கான 5 சதவீத ஜி.எஸ்.டி.யை அந்த ஆப் நிறுவனமே வசூலித்துக் கட்டுகிறது, அதனால்தான் இந்த வித்தியாசம். இரண்டையும் வரிக்கு முந்தைய தொகையாக வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவுக்குச் சொல்லும்போது ஆப்பில் எவ்வளவுக்கு விற்றது என்பது தேவையில்லை. கமிஷனும் தள்ளுபடியும் போக வங்கிக் கணக்குக்கு எவ்வளவு வந்தது என்பதை மாதத்துக்கு ஒரு முறை ஒரு வரியில் சொன்னால் போதும். அது அவர் பாஸ்புக்கில் பார்க்கிற எண், அதை அவர் நம்புவார்.

இன்னொன்று, ஏதாவது ஓர் எண் ஓர் ஆளைச் சுட்டுவதுபோல வந்தால், உதாரணத்துக்கு ஒரே சப்ளையரின் பில்களில் ரத்து அதிகமாக இருந்தால், அதை மெயிலில் எழுதாதீர்கள். கடை மூடிய பிறகு நேரில், தனியாகப் பெரியப்பாவிடம் சொல்லுங்கள். அந்த சப்ளையர் பார்ப்பது எந்த டேபிள்கள், அங்கே ஆர்டர் எடுப்பதில் ஏதாவது சிக்கல் உண்டா என்று முதலில் நீங்களே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். போனில் இருக்கிற மெயிலைக் கல்லாப் பக்கம் நிற்கிற யாரும் எட்டிப் பார்க்கலாம்.

11 பக்க ரிப்போர்ட்டை நிறுத்த வேண்டாம், அது உங்களுக்கு வேண்டும். பிரியாணி விஷயம் அந்த ஏழாம் பக்கத்தில்தான் கிடைத்தது. இந்த ஞாயிறு நோட்டில் விழுகிற கோடுகளின் எண்ணிக்கையையும், கே.ஓ.டி. நேரத்தில் எடுத்த கடைசி பிரியாணி மணியையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். கோடுகள் ஐந்துக்குக் கீழே இருந்தால் 2 கிலோவை 1 கிலோவாகக் குறைத்துப் பேசலாம்.